மதிப்பெண் இல்லாத சான்றிதழும் அறுபது சதவீத விதியும்

கரோனா காரணமாக 2021-ல் தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. எல்லோரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டனர். சான்றிதழில் மதிப்பெண் இல்லை, ‘தேர்ச்சி’ மட்டுமே இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் அரசுப் பள்ளிகளும் அப்போது இதே பாடத்திட்டத்தில்தான் இருந்தன. அந்த மாணவர்கள்தான் 2026-ல் கலை, அறிவியல் பட்டமும் 2027-ல் பொறியியல் பட்டமும் பெறும் அணி. தவளக்குப்பம் ராஜீவ் காந்தி கலை அறிவியல் கல்லூரி முதல் மதகடிப்பட்டு பொறியியல் கல்லூரி வரை, இவர்கள் வளாகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சதவீதத்தைக் கேட்கும் கட்டத்தில் எழுத எண் இல்லை.

கேம்பஸ் தேர்வில் ரெஸ்யூமை ஆள் படிப்பது கடைசியில்தான். முதலில் வடிகட்டுவது விண்ணப்பத்தில் உள்ள எண்கள். டிசிஎஸ் நிறுவனம் அண்மை ஆண்டுகளில் பொறியியல் பட்டதாரிகளிடம் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் ஒவ்வொன்றிலும் 60% அல்லது 6 சிஜிபிஏ கேட்கிறது. நிலுவையில் ஒரு அரியருக்கு மேல் கூடாது. பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவர்களுக்கான தேர்வில் இந்த அளவு 50%. மூன்றின் சராசரி இங்கே செல்லாது. ஒன்றில் குறைந்தாலும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 600-க்கு 372, அதாவது 62% எடுத்திருக்கிறார். பருவத்துக்கு 600 மதிப்பெண் என்று கொண்டால், ஐந்து பருவங்களில் 3,000-க்கு 1,740 பெற்றிருக்கிறார், இது 58%. இந்த இரண்டை மட்டும் பார்த்தால், 50% கேட்கும் நிறுவனத்துக்கு அவர் தகுதியானவர். 60% கேட்கும் நிறுவனத்துக்கு இன்று தகுதி இல்லை. ஆறு பருவங்களும் சேர்ந்து 60% வர 2,160 மதிப்பெண் வேண்டும்; ஆறாம் பருவத்தில் மட்டும் 420, அதாவது 70% எடுத்தாக வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாள் அதற்கு முன்பே வந்துவிடும். 58-ஐ 60 என்று எழுதிவிடலாம் என்ற யோசனையும் உதவாது. பணியில் சேரும்போது அசல் சான்றிதழ்களை ஒப்பிடுவார்கள். கையில் இருக்கும் வேலையே போகும்.

‘தேர்ச்சி’ சான்றிதழுக்கும் இதுவே பொருந்தும். மாணவர் தானாக ஒரு எண்ணை நிரப்பக் கூடாது. ஊகித்து ஒரு மதிப்பெண்ணை எழுதினால் அதற்குச் சான்று இல்லை. பூஜ்யம் எழுதினால் மென்பொருள் தகுதியில்லை என்று தள்ளிவிடும். நிறுவனத்திடம் மின்னஞ்சலில் விளக்கம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, மாணவர்களுக்குப் பகிர வேண்டியது கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவு. இந்த வேலையை இருபது வயது மாணவரின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

எண்களைக் கடந்தவருக்கு அடுத்து திறன் தேர்வு. டிசிஎஸ்ஸின் என்க்யூடி தேர்வில் கணக்கு, ஆங்கிலம், தர்க்கம் ஆகியவை அடிப்படைப் பகுதி. கோடிங் மேல்நிலைப் பகுதியில் வரும். ரெஸ்யூமில் ‘சி, ஜாவா, பைத்தான்’ என்று வரிசையாக எழுதியவர்கள் கோடிங்கில் சறுக்குவதற்கு, பாடம் தெரியாதது மட்டும் காரணமில்லை. ஆய்வகப் பழக்கமும் ஒரு காரணம். எண்ணை இரட்டிப்பாக்கும் நிரலைப் பாருங்கள்:

```c
printf("Enter a number: ");
scanf("%d", &n);
printf("%d", n * 2);
```

ஆய்வகத்தில் இதற்கு முழு மதிப்பெண். ஆன்லைன் தேர்விலோ திருத்துவது இயந்திரம். 5 கொடுத்தால் `10` மட்டும் வரவேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. இந்த நிரல் தருவது `Enter a number: 10`. தர்க்கம் சரியாக இருந்தும் எல்லாச் சோதனைகளும் தோல்வி. முதல் வரியை நீக்கினால் போதும். இதைச் செய்முறை வகுப்பிலேயே பழக்கினால் தனிப் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டத் தேவையில்லை.

ஆகவே ஐந்தாம் பருவ முடிவு வந்த வாரத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் தயாராக வேண்டும். மூன்று கட்ட மதிப்பெண், நிலுவை அரியர், எந்த நிறுவனத்துக்குத் தகுதி, எந்தத் தேர்வுப் பகுதியில் பலவீனம் என்ற விவரங்கள் அதில் போதும். ரெஸ்யூம் எழுதும் வேலை அதற்குப் பிறகுதான். ஒன்றுக்கு மேல் அரியர் வைத்திருப்பவர் அழகான ரெஸ்யூமுக்குச் செலவிடும் நேரத்தைத் துணைத்தேர்வுக்குக் கொடுக்கலாம்.

நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. மதிப்பெண்ணே வழங்கப்படாத அணியிடம் பத்தாம் வகுப்பு கட்-ஆஃப் கேட்பதைக் கைவிட வேண்டும். அடுத்த சிக்கலும் வரிசையில் நிற்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ முறையில் பிளஸ் டூ எழுதிய முதல் அணி 2025-ல் வெளிவந்தது. 2028-ல் பட்டம் பெறத் தொடங்கும். சிபிஎஸ்இ சான்றிதழில் மொத்தச் சதவீதம் இருக்காது. எல்லாப் பாடங்களையும் கூட்டுவதா, சிறந்த ஐந்தை மட்டுமா என்பதை நிறுவனங்கள் அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு வரி இல்லாததால் தகுதியுள்ள மாணவர் ஒருவர்கூட வெளியே நிற்கக் கூடாது.