‘உங்கள் பாஸ்வேர்டு யாரிடமோ இருக்கிறது!’ - எச்சரிக்கையா, தூண்டிலா?

2016-ம் ஆண்டு மார்ச் 19. அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஒரு மெயில் வந்தது. அனுப்பியவர் பெயர் கூகுள். ‘உங்கள் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி யாரோ உங்கள் கணக்கில் நுழையப் பார்த்தார்கள். இடம்: உக்ரைன். நாங்கள் தடுத்துவிட்டோம். உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்பதுதான் சாரம். கீழே, பாஸ்வேர்டை மாற்றுவதற்கான நீல நிறப் பட்டன்.

அந்த மெயிலைப் பார்த்ததும் சந்தேகம் வரத்தான் செய்தது. குழுவின் கணினி உதவியாளரிடம் கேட்டார்கள். அவர், ‘இது உண்மையான மெயில்தான், உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்’ என்று பதில் அனுப்பினார். ‘போலியானது’ என்று எழுத நினைத்து, ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளை விட்டுவிட்டதாகப் பிறகு விளக்கம் சொன்னார். ஆனால், அதே பதிலில் பாஸ்வேர்டை மாற்றுவதற்காக கூகுளின் அசல் முகவரியையும் தனியாகக் கொடுத்திருந்தார். அழுத்தப்பட்டதோ, பழைய மெயிலில் இருந்த நீலப் பட்டன்!

விளைவு, 50,000-க்கும் மேற்பட்ட மெயில்கள் களவு போயின. அக்டோபர் மாதம் முதல் அவை விக்கிலீக்ஸ் தளத்தில் தவணை முறையில் வெளியாகி, தேர்தல் நேரத்தில் பெரும் புயலைக் கிளப்பின. இதைச் செய்தது ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவு அதிகாரிகள் என்று 2018 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது.

இந்தச் சம்பவத்தில் நமக்கான பாடம் ஒன்று இருக்கிறது. உதவியாளர் ‘உண்மையான மெயில்’ என்று தவறாகச் சொன்ன பிறகும்கூட, அவர் தனியாகக் கொடுத்த முகவரி வழியாகப் போயிருந்தால் எதுவும் நடந்திருக்காது. மெயில் அசலா, போலியா என்ற கேள்விக்கு நம்முடைய விடை தப்பாகலாம். எந்த வழியாக உள்ளே போகிறோம் என்பதில் மட்டும் தப்பு செய்யாமல் இருந்தால் போதும்.

வலது பக்கத்திலிருந்து படியுங்கள்

அந்த நீலப் பட்டன் முதலில் ஒரு சுருக்கப்பட்ட லிங்க்குக்குப் போனது. அங்கிருந்து திறந்த பக்கத்தின் முகவரி இது:

```
myaccount.google.com-securitysettingpage.tk
```

மேலோட்டமாகப் பார்த்தால் கூகுள் என்ற பெயர் கண்ணில் படும். மனம் அத்துடன் நின்றுவிடும். மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது அதைத்தான்.

இணைய முகவரியும் நம் தபால் முகவரி போலத்தான். முதலில் வீட்டுப் பெயர், பிறகு தெரு, கடைசியில் ஊர். தென்காசியில் இருக்கும் ஒருவர் தன் வீட்டுக்கு ‘சென்னை இல்லம்’ என்று பெயர் வைக்கலாம். அதனால் அந்த வீடு சென்னைக்கு வந்துவிடாது. கடிதம் எந்த ஊருக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் சொல்லும்.

அதேபோல, இணைய முகவரியில் https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்வுக்கோடு வரை எடுத்துக்கொள்ளுங்கள். அதை வலது பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். மேலே உள்ள முகவரியில் கடைசியில் இருப்பது tk. அதற்கு முந்தைய புள்ளிவரை போனால் com-securitysettingpage என்று இருக்கிறது. ஆக, அந்த வீட்டின் உண்மையான உரிமையாளர் com-securitysettingpage.tk என்ற யாரோ ஒருவர். முன்னால் இருக்கும் myaccount.google என்பது அவர் தன் வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மட்டும்தான். com என்பதற்குப் பிறகு புள்ளி இல்லாமல் சின்னக் கோடு இருப்பதுதான் இதில் உள்ள சூது.

co.in போல இரண்டு பகுதிகளாக முடியும் முகவரிகளில், அதற்கும் முன்னால் இருக்கும் சொல்லைப் பாருங்கள். பூட்டுப் படமோ, https என்ற எழுத்தோ இருப்பதை வைத்து ஏமாற வேண்டாம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அது சொல்கிறது. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்லவில்லை.

இந்தச் சோதனையும் தோற்கும் இடம்

‘அனுப்பியவர் முகவரியைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே’ என்று சிலர் கேட்கலாம். பொடெஸ்டாவுக்கு வந்த மெயிலில் அனுப்பியவர் முகவரி googlemail.com என்று முடிந்தது. அது உண்மையிலேயே கூகுளுக்குச் சொந்தமான பெயர்! கடித உறையில் ‘அனுப்புநர்’ இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது போல, அதையும் போலியாகக் காட்டியிருந்தார்கள்.

2025 ஏப்ரலில் வெளிச்சத்துக்கு வந்த இன்னொரு மோசடி இதைவிடக் கெட்டித்தனமானது. கூகுளே உண்மையாக அனுப்பிய ஒரு பாதுகாப்பு மெயிலுக்குள் தங்கள் வாசகத்தை நுழைத்து, அதைப் பலருக்கும் திருப்பி அனுப்பினார்கள். அதனால் கூகுளின் டிஜிட்டல் கையொப்பம் அப்படியே இருந்தது. ஜிமெயிலும் எந்தச் சந்தேகக் குறியும் காட்டவில்லை. ‘உங்கள் கணக்கு விவரங்களைக் கேட்டு சட்டப்படி நோட்டீஸ் வந்திருக்கிறது’ என்று சொன்ன அந்த மெயிலின் லிங்க், sites.google.com என்ற முகவரிக்குப் போனது.

வலது பக்கத்திலிருந்து படித்தாலும் அது google.com தான். ஆனால், அந்த இடத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பக்கம் உருவாக்கலாம். கூகுள் கணக்குக்குள் நுழையும் அசல் வாசல் accounts.google.com மட்டுமே. மோசடி வெளியான பிறகு இந்த ஓட்டையை அடைப்பதாக கூகுள் அறிவித்தது. அடுத்த ஓட்டை எது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே, முகவரியைப் படிப்பது போலியைக் கண்டுபிடிக்க உதவும். ‘இது அசல்’ என்று சான்றிதழ் கொடுக்க உதவாது.

அசலுக்கு உள்ளேயும் ஒரு நகல் இருக்கும்

அப்படியானால் எதை நம்புவது? நிறுவனம் உண்மையிலேயே எச்சரிக்கை அனுப்பியிருந்தால், அதன் தடயம் உங்கள் கணக்குக்கு உள்ளேயே இருக்கும். மெயிலைப் போலியாக உருவாக்க முடிகிறவரால், உங்கள் கணக்குக்குள் அந்தத் தடயத்தை வைக்க முடியாது.

கூகுள் என்றால், வந்த மெயிலை அப்படியே விட்டுவிடுங்கள். பிரவுசரைத் திறந்து myaccount.google.com என்று நீங்களே டைப் செய்து, பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே Recent security activity என்ற தலைப்பின் கீழ், சமீபத்தில் எந்தக் கருவியிலிருந்து, எப்போது உங்கள் கணக்கு திறக்கப்பட்டது, என்ன மாற்றப்பட்டது என்ற பட்டியல் இருக்கும்.

இன்ஸ்டாகிராம் 2019 அக்டோபரில் இதற்கென்றே ஒரு வசதியைக் கொண்டுவந்தது. செட்டிங்ஸில் Accounts Centre, அதற்குள் Password and security, அதற்குள் Recent emails என்று போனால், இன்ஸ்டாகிராம் சமீபத்தில் உங்களுக்கு உண்மையாக அனுப்பிய பாதுகாப்பு மெயில்களின் பட்டியல் தெரியும். கையில் இருக்கும் மெயில் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது போலி.

உள்ளே பார்க்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். அசல் எச்சரிக்கையில் காட்டப்படும் ஊர், இணைய இணைப்பை வைத்துத் தோராயமாகக் கணிக்கப்படுவது. மதுரையில் உங்கள் புது போனில் நீங்களே நுழைந்தாலும் அது சென்னை என்று காட்டக்கூடும். ஊரைவிட, கருவியின் பெயரும் நேரமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

இன்ஸ்டாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு...

வீட்டிலிருந்தபடியே சேலை, மசாலா, டெரகோட்டா நகை விற்கும் பெண்களுக்கு இன்ஸ்டாகிராம் பக்கம்தான் கடை. அதனால் அவர்களுக்கு வரும் தூண்டிலின் புழு வேறு. ‘நீங்கள் போட்ட வீடியோ காப்புரிமையை மீறியிருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் கணக்கு நீக்கப்படும்’ என்று, இன்ஸ்டாகிராம் லோகோவைப் படமாக வைத்த ஒரு கணக்கிலிருந்து மெசேஜ் வரும். லிங்க்கைத் தொட்டால் ஒரு படிவம். பெயர், போன் நம்பர், கடைசியாக பாஸ்வேர்டு கேட்கும்.

இதில் லிங்க்கையே பார்க்கத் தேவையில்லை. உங்கள் கணக்கு பற்றி இன்ஸ்டாகிராம் ஒருபோதும் டி.எம் அனுப்பாது. உண்மையிலேயே பதிவு நீக்கப்பட்டிருந்தால், செட்டிங்ஸில் உள்ள Account Status பகுதியில் அது தெரியும், மேல்முறையீடும் அங்கேயே செய்யலாம்.

‘டூ ஸ்டெப் போட்டு வைத்திருக்கிறேன், ஓ.டி.பி இல்லாமல் யாரும் நுழைய முடியாது’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. போலிப் பக்கம் அடுத்து கேட்பதே அந்த ஓ.டி.பி-யைத்தான். நீங்கள் பாஸ்வேர்டு கொடுத்த நொடியில் அதை அவர்கள் அசல் தளத்தில் போடுகிறார்கள். அசல் தளம் உங்களுக்கு அசல் ஓ.டி.பி அனுப்புகிறது. அதையும் நீங்களே போலிப் பக்கத்தில் டைப் செய்துவிடுகிறீர்கள்.

இங்கே உங்கள் போனே ஓர் எச்சரிக்கை கொடுக்கும். பாஸ்வேர்டை போனில் சேமித்து வைத்திருந்தால், அசல் தளத்தில் அது தானாக முன்வந்து நிற்கும். போலித் தளத்தில் வராது. போன் லோகோவைப் பார்த்து மயங்காது, முகவரியை எழுத்தெழுத்தாக ஒப்பிடும். வழக்கமாக வருவது இன்று வரவில்லை என்றால், கையால் டைப் செய்யாமல் நிறுத்துங்கள். பாஸ்கீ வசதி இதே காரணத்தால் இன்னும் வலுவானது. வேறு முகவரியில் அது வேலையே செய்யாது.

பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால்?

முதலில், அசல் ஆப் வழியாக உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து, கணக்கு திறந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்து, உங்களுடையது தவிர மற்ற எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மூன்றாவதாக, கணக்கை மீட்பதற்கான போன் நம்பரும் மெயிலும் உங்களுடையவையாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். திருடியவர் தன் மெயிலை அங்கே சேர்த்திருந்தால், மறுநாளே திரும்பி வந்துவிடுவார்.

ஜிமெயில் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. செட்டிங்ஸில் Forwarding, Filters என்ற இரண்டு இடங்களைத் திறந்து பாருங்கள். உங்களுக்கு வரும் மெயில்களின் நகல் வேறொரு முகவரிக்குப் போகும்படி அங்கே அமைத்திருக்கக்கூடும். பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அது நிற்காது, நீங்கள்தான் அழிக்க வேண்டும். அதே பாஸ்வேர்டை வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள்.

பணமும் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் கொடுக்கலாம். பணம் அடுத்தடுத்த வங்கிக் கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன்பே முடக்க முடிந்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகம். போலி மெசேஜை மட்டும் அழித்துவிடாதீர்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.