25 டாலர் எங்கே போச்சு?

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காபி கூட முடியவில்லை, மேல்மாடி அண்ணாச்சி கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றார். திருநெல்வேலிக்காரர். புனே வந்து இருபது வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் தாமிரபரணியை விட்டு நகரவில்லை. மகள் அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிறாள். ஜனவரி செமஸ்டருக்கான ஃபீஸ் 12,850 டாலரை அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் (நல்ல வேளை, என் வங்கி இல்லை!) வயர் டிரான்ஸ்ஃபர் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"தம்பி, முழுசா அனுப்பியாச்சுன்னுதான் சொன்னாவ. அங்க 25 டாலர் பாக்கின்னு காட்டுது. பிள்ளைய பாடத்துக்குப் பதிவு பண்ண விடமாட்டேங்கான். யாரு எடுத்தது?"

12,825 டாலர் போய்ச் சேர்ந்திருக்கிறது. 25 பாக்கி என்பதால் கணக்கில் 'ஹோல்ட்' போட்டுவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு 25 டாலரும் ஒன்றுதான், 2,500 டாலரும் ஒன்றுதான். கம்ப்யூட்டர் பூஜ்யம் வந்தால்தான் பூட்டைத் திறக்கும். எஃப்-1 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு முழுநேரப் படிப்பில் பதிவாகி இருப்பது விசாவின் நிபந்தனை. அண்ணாச்சி முகம் வெளிறிப் போனதற்குக் காரணம் 25 டாலர் அல்ல.

யார் எடுத்தார்கள்? நம் வங்கி பல்கலைக்கழகத்தின் வங்கிக்கு நேராகப் பணம் அனுப்புவதில்லை. நியூயார்க்கில் ஏதாவது ஒரு பெரிய வங்கியில் நம் வங்கிக்கு ஒரு டாலர் கணக்கு இருக்கும். நாஸ்ட்ரோ கணக்கு என்போம். அதிலிருந்து எடுத்துக் கொடு என்று ஸ்விஃப்ட் வழியாகச் செய்தி போகும். அந்த வங்கி பல்கலைக்கழகத்தின் வங்கிக்குத் தள்ளிவிடும். சில சமயம் நடுவில் இன்னொருவரும் இருப்பார். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு கூலி. அந்தக் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் விண்ணப்பப் படிவத்தில் ஓர் ஓரமாக இருக்கும் மூன்று பெட்டிகள்: OUR, SHA, BEN.

OUR என்றால் எல்லாச் செலவும் அனுப்புகிறவருடையது. SHA என்றால் இங்கே ஆகும் செலவு உங்களுடையது, வழியில் ஆகும் செலவு அனுப்பும் தொகையிலிருந்தே கழியும். BEN என்றால் எல்லாமே தொகையிலிருந்து கழியும். ஃபீஸ் கட்டும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். அண்ணாச்சியின் படிவத்தில் SHA பெட்டியில் டிக் இருந்தது. அவர் போட்டதில்லை, கவுன்ட்டரில் போட்டது.

இந்த இடத்தில் என் ஜாதியையே திட்ட வேண்டியிருக்கிறது (வங்கி ஜாதியைச் சொல்கிறேன்). ஃபீஸ் அனுப்ப வருகிறவரிடம் கேட்காமல் SHA போடுவது தப்பு என்பது என் கட்சி. ஏன் போடுகிறோம்? பல இடங்களில் கம்ப்யூட்டரில் அதுதான் தானாக வந்து நிற்கிறது. இன்னொன்று, OUR போட்டால் கூடுதல் கட்டணம் இங்கேயே கண்ணுக்குத் தெரியும், வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். SHA-வில் வெட்டு நியூயார்க்கில் விழும். யாரும் கவுன்ட்டருக்கு வந்து கத்த மாட்டார்கள். அண்ணாச்சிக்கு OUR போட்டிருந்தால் அந்த வங்கியில் ரூ.1,500 கூட ஆகியிருக்கும். அதை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகக் கவுன்ட்டர்காரர் நினைத்திருப்பார். கடையில் தங்கைக்குப் பணம் அனுப்புகிறோம் என்றால் 25 டாலர் குறைந்தால் பரவாயில்லை. ஃபீஸ் அப்படி இல்லை.

OUR போட்டாலும் அமெரிக்காவில் ஒரு சிக்கல் உண்டு. முதல் வங்கிக்கு நாம் கொடுத்துவிட்டாலும், கடைசியில் வாங்கும் வங்கி உள்வரும் வயருக்கென்று தன் பங்கைப் பிடிக்கலாம். சில வங்கிகளில் முழுத்தொகையும் போய்ச் சேரும் என்று உறுதி தரும் OUR தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் 30 டாலர் சேர்த்து அனுப்புங்கள். மிச்சம் பெரும்பாலும் பிள்ளையின் கணக்கிலேயே வரவாக நிற்கும்.

அண்ணாச்சி அடுத்துக் கேட்டது: "அந்த 25-ஐ மறுபடி அனுப்பிரலாமா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம். 25 டாலரை SHA-வில் அனுப்பினால் வழியிலேயே 25-ம் கழிந்து, போய்ச் சேருவது பூஜ்யம் :-)

இன்னொரு விஷயத்தில் தப்பித்தார். பணமாவது பிள்ளையின் கணக்கில் ஏறியிருந்தது. அதுவும் ஏறாமல் வாரக்கணக்கில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்ம ஆட்களுக்கு இது அதிகம் நடக்கும், காரணம் நம் பெயர். பணம் அப்பா கணக்கிலிருந்து போகிறது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் சர்நேம், மகளின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு இருவரும் ஒரே குடும்பம் என்றே தெரியாது. ஆகவே மாணவர் எண்தான் ஒரே பிடி. செய்தியில் குறிப்பு எழுதும் இடம் 35 எழுத்து வீதம் நாலு வரி. முதல் வரியில் முதலில் மாணவர் எண், பிறகு மகளின் பெயர், பிறகு எந்த செமஸ்டர். "டியூஷன் ஃபீஸ்" என்று மட்டும் எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. # & போன்ற குறிகளை விட்டுவிடுங்கள், பழைய ஸ்விஃப்ட் எழுத்து வரிசையில் அவை இல்லை.

மற்ற விவரங்கள் பல்கலைக்கழகத்தின் இன்வாய்ஸில் இருக்கும்: பெறுகிறவர் பெயர், கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு, அமெரிக்கா என்றால் ஏ.பி.ஏ. எண்ணும் கூட. இங்கே ஏ2 படிவம், பான், நோக்கக் குறியீடு S0305. டி.சி.எஸ். பிடித்தால் அது வேறு கணக்கு. உங்கள் பான் எண்ணில் ஏறும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். வயர் கட்டணம் அப்படித் திரும்பாது.

இப்போது அண்ணாச்சி கையிலிருந்த அந்தக் காகிதம். அது அவர் கணக்கில் பற்று வைத்ததற்கான சீட்டு. அதை மகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பி, அவள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, அவர்கள் மதிக்கவே இல்லை. மதிக்கவும் மாட்டார்கள். புனேயில் ஒருவர் கணக்கிலிருந்து ரூபாய் போனதற்கு மட்டும்தான் அது சாட்சி. கேட்க வேண்டியது ஸ்விஃப்ட் காப்பி. MT103 என்று இன்னமும் சொல்கிறோம். 2025 நவம்பரோடு நாடு விட்டு நாடு போகும் செய்திகள் pacs.008 வடிவத்துக்கு மாறிவிட்டன. காப்பியில் OUR-க்குப் பதில் DEBT என்றும் SHA-வுக்குப் பதில் SHAR என்றும் இருந்தால் பதற வேண்டாம்.

அந்தக் காப்பியில் முழுத்தொகையும் இருக்கும். வெட்டு விழுவது அதற்குப் பின்னால்தானே! ஆகவே அதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது UETR என்று ஒரு நீளமான எண். கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து. பணம் எத்தனை வங்கி தாண்டினாலும் இந்த எண் மாறாது. உங்கள் வங்கியில் இதைப் போட்டுப் பார்த்தால் பணம் இப்போது எங்கே நிற்கிறது, பெரும்பாலும் யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வரை தெரியும். அனுப்பிய அன்றே கேட்டு வாங்குங்கள். கவுன்ட்டரில் "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றால் நகராதீர்கள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி போய் அந்த எண்ணை வாங்கிப் பார்க்கச் சொன்னார். நியூயார்க் வங்கி 15, பல்கலைக்கழகத்தின் வங்கி 10. மகள் அங்கேயே தன் டெபிட் கார்டில் 25 டாலரைக் கட்டினாள், மறுநாள் ஹோல்ட் போயிற்று. அங்கே போய்ச் சேராத முதல் செமஸ்டர் பிள்ளைக்கு இந்த வசதி இருந்திருக்காது.

ஆகஸ்டில் அடுத்த ஃபீஸ். அண்ணாச்சி இப்போதே வெற்றுப் படிவம் ஒன்றை வாங்கி வந்து, மற்ற எதையும் நிரப்பாமல், OUR பெட்டியில் மட்டும் டிக் போட்டு பீரோவில் வைத்திருக்கிறார்.