வெல்க்ரோ விட்டுப்போனால் பசை வேண்டாம்

உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் பழைய பள்ளிக் காலணிகளை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அடிப்பாகம் தேயாமல் இருக்கும். மேற்பாகமும் கிழியாமல் இருக்கும். ஆனாலும் ஒதுக்கி வைத்திருப்பார்கள். காரணம் கேட்டால், "வெல்க்ரோ பிடிப்பதில்லை" என்பார்கள். இரண்டு அங்குலப் பட்டைக்காக ஒரு ஜோடிக் காலணி குப்பைக்குப் போகிறது. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதைவிட, பிடிக்காத வெல்க்ரோவைக் கண்டதும் பசைக் குழாயைத் தேடி ஓடும் வழக்கத்தை இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.

முதலில் இப்பட்டை எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போம். வயல்வெளியில் நடந்தால் மருளூமத்தைக் காய் உங்கள் ஆடையில் ஏறிக்கொள்ளும் அல்லவா? அதன் முட்கள் ஒவ்வொன்றின் நுனியும் கொக்கிபோல் வளைந்திருக்கும். சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்ற பொறியாளர் 1941-ல் தம் நாயின் ரோமத்தில் சிக்கிய இதே போன்ற வேறொரு காயை நுண்ணோக்கியில் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததே இப்பட்டை. 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வெல்வெட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தலையையும், கொக்கியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தலையையும் சேர்த்து வெல்க்ரோ என்று பெயர் வைத்தார். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. சொரசொரப்பான பக்கத்தில் நைலான் கொக்கிகள். மெத்தென்ற பக்கத்தில் மெல்லிய நூல் வளையங்கள். இங்கே பசை என்பதே கிடையாது.

அப்படியானால் பிடிப்பு ஏன் குறைகிறது? ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கொக்கி சற்று நிமிர்ந்து, வளையத்தை விட்டுவிட்டு, மீண்டும் வளைந்துகொள்கிறது. சில வளையங்கள் மட்டும் அறுந்துபோகின்றன. அறுந்த நூல், காலுறையின் பஞ்சு, தலைமுடி எல்லாம் கொக்கிகளின் அடியில் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. கொக்கி நல்ல நிலையில் இருந்தாலும், வளையம் நுழைய இடமிருக்காது. ஆகவே குற்றவாளிகள் இருவர்: ஒன்று அடைத்த கொக்கி, மற்றது அறுந்த வளையம். யார் என்று தெரியாமல் தண்டனை கொடுக்கலாமா?

சென்ற மாதம் என் மகளின் காலணியில் இதைச் சோதித்தோம். தையல் சாமான் கடையில் அதே அகலத்தில், இரண்டு சென்டிமீட்டர், புதுப் பட்டை கொஞ்சம் வாங்கினோம். காலணிப் பட்டையை ஒட்டி, அதன் நுனியில் ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கட்டித் தொங்கவிட்டு, பட்டை உரியத் தொடங்கும் வரை அளவுக் குப்பியால் தண்ணீர் ஊற்றினோம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஒரு கிராம். ஆகவே தராசு தேவைப்படவில்லை. பழைய கொக்கியும் பழைய வளையமும் 80 மில்லிலிட்டரிலேயே விட்டுவிட்டன. பழைய கொக்கியுடன் புது வளையத்தை வைத்தபோது 110. புதுக் கொக்கியுடன் பழைய வளையம் 310 வரை தாங்கியது. இரண்டும் புதிது என்றால் 340. எண்களைப் பார்த்ததும் மகள் சொன்னாள், "அப்பா, கொக்கிதான் திருடன்!" சரிதான். வளையம் மாறியதால் அதிக லாபமில்லை. கொக்கி மாறியதும் பிடிப்பு ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று.

கொக்கியை மாற்றவேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. ஒரு குண்டூசியைக் கொக்கி வரிசைகளுக்கு இடையே நீளவாக்கில் ஓட்டிப் பஞ்சை நெம்பி எடுத்தோம். பிறகு பழைய பல் தூரிகையால் தேய்த்தோம். கால் மணி நேரத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுப் பஞ்சு வந்தது! மறுபடி அளந்தபோது 270. போதுமே. (இஸ்திரிப் பெட்டியையோ கொதிநீரையோ அருகில் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் நைலான் கொக்கி இளகி வளைவை இழந்தால் திரும்ப வராது.)

அவளுடைய பையின் கதை வேறு. அங்கே வளையங்கள் அறுந்து, பஞ்சுபோல் எழும்பி நின்றன. சில இடங்களில் அடித்துணியே தெரிந்தது. இதற்கு மருத்துவமில்லை, மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் பசையா, தையலா என்ற கேள்வி எழுகிறது.

நான் தையல் கட்சி. காரணம் இயற்பியல். ஒட்டியிருக்கும் பட்டையை அதன் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், வராது. எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நுனியைத் தூக்கி உரித்தால் சர்ரென்று வந்துவிடும். ஏனெனில் அக்கணத்தில் ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டுமே எதிர்த்து நிற்கின்றன. வெல்க்ரோவுக்கு இது வசதி. ஆனால் அதே விசை அதன் அடியிலுள்ள பசையின் மேலும், அதே ஒரு கோட்டின் மேல் விழுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொக்கி தோற்கவேண்டும், பசை தோற்கக்கூடாது. நுனியில் பசை ஒரு மில்லிமீட்டர் விட்டால், அடுத்த முறை அங்கிருந்தே உரிதல் தொடங்கும். அதிலும் பை ரெக்சினாக இருந்தால், அதை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து ரப்பர் பசையை இளக்கிவிடுகிறது. பின்னால் காகிதம் உரித்து ஒட்டும் வகைப் பட்டை சுவருக்கு நல்லது. தினமும் பத்து முறை திறக்கும் பைக்கு அல்ல.

பழைய தையலைப் பிரித்து, அதே அளவு புதுப் பட்டை வெட்டி, நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக்குங்கள். கூரிய மூலையில் விசை ஒரு புள்ளியில் குவியும். வட்டமான மூலையில் பரவும். பட்டையின் இரு ஓரங்களிலும் வளையமில்லாத மெல்லிய கரை இருக்கும். தையல் அதில் ஓடவேண்டும். பிடித்துத் தூக்கும் நுனியில் மட்டும் இரண்டு வரிசை போடச் சொல்லுங்கள். காலணியானால் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். குத்தூசியும் நைலான் நூலும் வைத்திருப்பார்.

ஊசியே போகாத இடம் என்றால் மட்டும் பசை. அதுவும் செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சள் நிற ரப்பர் பசை. பழைய பசையைச் சுரண்டி, இரு பரப்பிலும் மெல்லப் பூசி, தொட்டால் விரலில் ஒட்டாத வரை காயவிட்டு, பிறகு அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கொக்கிப் பக்கத்தை அதன் மேல் மூடாமல் ஒரு நாள் முழுதும் விட்டுவிடுங்கள். திறந்த வெளியில், நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். அதன் ஆவி தீப்பிடிக்கும். நொடியில் ஒட்டும் பசை இதற்கு வேண்டவே வேண்டாம். அது துணியில் ஊறி வளையங்களைக் கல்லாக்கிவிடும். பருத்தித் துணியில் பட்டால் தோல் சுடும் அளவுக்குச் சூடேறுவதும் உண்டு.

பையைத் தையற்காரரிடம் கொடுத்தபோது, "பசை போட்டால் சீக்கிரம் முடியுமே சார்?" என்றார். தைத்துத்தான் வாங்கினேன். மீதிப் பட்டையில் கொக்கிப் பக்கம் அப்படியே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதே குவளையைத் தொங்கவிட்டு மறுபடி அளப்பதாக மகள் தேதி குறித்து வைத்திருக்கிறாள்.