அம்புக்குறி எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கோலார் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டதற்கான காரணங்களை விளக்குக என்று வினா வந்தால், மாணவர் பலர் முதலில் ஒரு காலக்கோடு வரைவர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் வசமாயின. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001இல் பணி நின்றது. இதுவரை குறையில்லை. பிறகு ஒவ்வோர் ஆண்டிலிருந்தும் அடுத்த ஆண்டிற்கு அம்புக்குறி இடுகின்றனரே, அங்கேதான் தவறு நேர்கிறது. அந்த அம்புக்குறிகளின்படி, அரசு ஏற்றதால்தான் சுரங்கம் மூடியது என்று ஆகிவிடும். முன்னால் நிகழ்ந்தது என்பதனாலேயே ஒன்று காரணமாகிவிடாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. காரணம் என்று கருதும் நிகழ்வை விரலால் மறைத்துவிட்டு, விளைவு அப்போதும் நேர்ந்திருக்குமா என்று வினவ வேண்டும். அரசு ஏற்காமல் தனியார் நிறுவனமே நடத்தியிருந்தாலும் சுரங்கம் ஆழமாகிக்கொண்டேதான் போயிருக்கும். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அவ்வளவு ஆழத்தில் பாறையின் வெப்பம் மிகுதி; காற்றைக் குளிர்விக்க வேண்டும்; தாதுவை நெடுந்தொலைவு மேலேற்ற வேண்டும்; அழுத்தம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறும். இவை அனைத்தும் செலவைக் கூட்டின. மறுபுறம், ஒரு டன் தாதுவில் கிடைத்த தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்தது. செலவு ஏற, வரவு இறங்க, இரண்டும் சந்தித்த இடத்தில்தான் 2001 நிற்கிறது. அந்நாளில் உலகச் சந்தையில் தங்கத்தின் விலையும் தாழ்ந்தே இருந்தது.

ஆகவே காலக்கோட்டின் கீழே இன்னொரு கோடு வேண்டும். மேற்கோட்டில் நாள் குறிக்கத்தக்க நிகழ்வுகள். கீழ்க்கோட்டில் ஆழம் மிகுதல், தாது மெலிதல் போன்ற நீண்டகால மாற்றங்கள். இவற்றுக்கு ஒற்றை ஆண்டு கிடையாது. நீளப் பட்டையாகவே வரைய வேண்டும். அம்புக்குறிகளில் பெரும்பாலானவை பட்டைகளிலிருந்தே புறப்படும். நாள்களை மட்டுமே மனப்பாடம் செய்பவருக்கு இக்கீழ்க்கோடு கண்ணில் படுவதேயில்லை.

1902ஐ எங்கே வைப்பது என்பதில் மாணவர் தடுமாறுவது இயல்பு. மின்சாரம் வருமுன்பே சுரங்கம் இயங்கியது. எனவே தொடக்கத்திற்கு அது காரணம் அன்று. ஆழமாகத் தோண்டுதலை அது எளிதாக்கியது. அவ்வாழமே பின்னாளில் செலவுச் சுமையாயிற்று. அதனால் 1902இலிருந்து ஆழம் என்னும் பட்டைக்கு ஓர் அம்புக்குறி இடலாம். 2001க்கு நேரே இடலாகாது. விடைத்தாளில் அதற்குரிய வாக்கியமும் அவ்வாறே அமையும்: மின்சாரம் ஆழத்திற்கு வழி திறந்தது, ஆழம் செலவைப் பெருக்கியது.