கறுப்புப் பெட்டிக்குக் கீழே பெயர் இருக்கிறதா?

"அக்கா, நீங்கள் பார்னஹாகேக்கு நிரப்பிக் குடுத்த கட்டணக் குறைப்புப் படிவத்தை ஒருக்கா அனுப்புங்கோவன், அதைப் பார்த்து நானும் நிரப்புறன்." ஹவுகன்ஸ்டுவா பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கு இடையே இப்படிக் கேட்பது சாதாரணம். அக்காவும் படிவத்தை ஸ்கான் பண்ணி, பிள்ளையின் பெயருக்கு மேல் கறுப்புப் பெட்டி ஒன்று கீறி, குழுவில் போட்டுவிடுவார். பார்க்கிற கண்ணுக்குப் பெயர் இல்லை. ஆனால் கோப்புக்குள்ளே பெயர் அப்படியே இருக்கலாம். எங்கே இருக்கும், எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படி உறுதிப்படுத்துவது என்பதுதான் இந்த வாரம்.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2019 ஜனவரியில், ட்ரம்பின் முன்னாள் தேர்தல் பிரசாரத் தலைவர் போல் மனபோர்ட்டின் சட்டத்தரணிகள் வாஷிங்டன் நீதிமன்றத்துக்கு ஒரு PDF கொடுத்தார்கள். ரகசியமான வரிகளுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தது. பத்திரிகையாளர்கள் அந்தப் பட்டையைத் தேர்ந்தெடுத்து, கொப்பி பண்ணி, வேறு இடத்தில் ஒட்டினார்கள். மறைத்த வசனங்கள் எல்லாம் வந்துவிட்டன. கருத்துக்கணிப்புத் தரவுகளை ஒரு ரஷ்யத் தொடர்பாளருடன் பகிர்ந்த விஷயம் வெளியே வந்தது அப்படித்தான். எழுத்துக்கு மேல் ஒரு படம் வைத்திருந்தார்களே தவிர, எழுத்தை யாரும் எடுக்கவில்லை.

"எங்களுடையது ஸ்கான் பண்ணின படம்தானே, அதில் எழுத்து எங்கே?" என்று கேட்கலாம். ஒளிந்திருக்கும் இடம் அதுதான். அலுவலக ஸ்கானரும் தொலைபேசி ஸ்கான் செயலிகளும் படத்தைத் தேடக்கூடியதாக்க, எழுத்தைத் தாமே வாசித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துப் படையைப் படத்தோடு சேர்த்து வைப்பதுண்டு. இப்போது கோப்பில் மூன்று அடுக்கு: படம், அதனுடன் தெரியாத எழுத்து, அதற்கு மேல் நீங்கள் கீறின பெட்டி. பெட்டியை நகர்த்தினால் படத்தில் பெயர் தெரியும். நகர்த்தாமலே Ctrl+A, Ctrl+C அடித்து நோட்பேடில் ஒட்டினால் எழுத்துப் படையிலிருந்து பெயர் விழும்.

தொலைபேசியில் விரலால் கறுப்புப் பூசுவது இன்னொரு பொறி. சில மார்க்கர் கருவிகள் அரை ஒளி ஊடுருவக் கூடியவை. ஒருதரம் இழுத்தால் கறுப்பு மாதிரித்தான் இருக்கும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் கீழே உள்ள எழுத்து தெரிந்துவிடும். அதனால் பேனை, மார்க்கர் வேண்டாம். உள்ளே முழுதாக நிறம் நிரப்பிய செவ்வகம்தான் வேணும்.

அப்போ எப்படிச் சரியாகச் செய்வது? நம்பிக்கையான வழி, அடுக்கே இல்லாத ஒரு படமாக மாற்றிவிட்டு, அந்தப் படத்தின் புள்ளிகளிலேயே கறுப்புப் பூசுவது. கணினியில் போப்ளர் கருவிகளும் img2pdf-உம் இருந்தால் இப்படி:

```
pdftoppm -r 200 -png original.pdf page
```

இது ஒவ்வொரு பக்கத்தையும் வெறும் படமாக்கி, `page-1.png` என்ற மாதிரிப் பெயரில் வைக்கும். எழுத்துப் படை அதோடு வராது. இதைப் பெயின்ட் போன்ற ஒரு சாதாரண வரைதல் செயலியில் திறந்து, பெயருக்கு மேல் நிரப்பிய செவ்வகம் போட்டு, PNG ஆகவே சேமிக்கவும். அடுக்குகளோடு சேமிக்கும் வடிவத்தில் வைக்க வேண்டாம். பிறகு:

```
img2pdf page-1.png -o send.pdf
```

கட்டளை எழுத விருப்பமில்லை என்றால், நிரப்பிய பெட்டி போட்ட பக்கத்தைத் திரையில் திறந்து, திரைப்படம் எடுத்து, அந்தப் படத்தை மட்டும் அனுப்பலாம். திரையில் தெரிவதே அதில் இருக்கும். அதிலும் எளியது, ஸ்கான் பண்ணுவதற்கு முதலே பெயருக்கு மேல் ஒரு கட்டித் தாள் துண்டை ஒட்டுவது. ஸ்கானர் பார்க்காத எழுத்தை எந்த அடுக்கிலும் யாரும் தேட முடியாது. அடோபி அக்ரோபட் புரோ வைத்திருப்பவர்கள் Redact கருவியைப் பயன்படுத்தலாம். ஆனால் பெட்டியைக் குறித்ததோடு நிற்காமல் Apply அழுத்தினால்தான் எழுத்து உண்மையாக அழியும்.

படத்தின் ஓரத்தை வெட்டி எறிவதை மட்டும் நம்பக்கூடாது. கூகிள் பிக்சல் தொலைபேசிகளின் மார்க்கப் செயலி, வெட்டின படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதி, பழைய கோப்பின் மிச்சத்தை வாலில் விட்டுவைத்தது. வெட்டின பகுதியில் கொஞ்சத்தை மீட்டெடுக்கலாம் என்று 2023 மார்ச்சில் வெளியானது. விண்டோஸின் வெட்டும் கருவியிலும் அதே குறை இருந்தது. இரண்டும் திருத்தப்பட்டுவிட்டன, ஆனால் அதற்கு முதல் அனுப்பின படங்கள் அப்படியேதான் இருக்கும்.

அடுத்தது கோப்போடு ஒட்டிவரும் தகவல். `kavin_barnehage.pdf` என்று கோப்புக்கே பிள்ளையின் பெயர் வைத்திருந்தால், பெட்டி எதற்கு? தலைப்பு, ஆசிரியர் என்ற இடங்களிலும் பெயர் இருக்கும். தொலைபேசியில் எடுத்த படம் என்றால், எடுத்த இடமும் சேர்ந்திருக்கலாம், அதாவது உங்கள் வீடு. பார்ப்பதற்கு:

```
exiftool send.pdf
```

ஆனால் ஒரு கவனம். `exiftool -all=` என்று PDF-ஐச் சுத்தப்படுத்தினால், பழையது கோப்புக்குள் இருந்தபடியே மேலே புதுப் பதிவு சேர்க்கப்படும். திரும்ப மீட்கலாம் என்று அந்தக் கருவியின் கையேடே சொல்கிறது. வேறு செயலிகளிலும் சேமிக்கும்போது பழைய வடிவம் அடியில் தங்குவதுண்டு. அதனால் பழைய PDF-ஐத் திருத்துவதை விட, மேலே சொன்ன மாதிரிப் புதுக் கோப்பை உருவாக்குவதே சரி.

அனுப்ப முதல் ஒரு சோதனை:

```
pdftotext send.pdf -
```

இது வெறுமையாக வரவேணும். ஒரு சொல் வந்தாலும் எழுத்துப் படை இன்னும் இருக்கிறது. பிறகு கோப்பை வேறொரு கணினியில் திறந்து, பெட்டியைச் சொடுக்கிப் பாருங்கள். நகர்ந்தால், அது பூச்சு இல்லை, மேலே வைத்த துண்டு.

கருவி எதுவும் செய்ய முடியாத ஒன்றும் இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் கடைசிப் பெயர் பெரும்பாலும் அப்பாவின் பெயர். பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, பெற்றோர் பகுதியில் அப்பாவின் முதற்பெயரையும் கையொப்பத்தையும் விட்டால், மறைத்தது பாதிதான். நோர்வே அடையாள எண்ணும் அப்படியே. 11 இலக்கங்களில் முதல் 6 பிறந்த திகதி. கடைசி 2, முதல் 9 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு எடுக்கக்கூடிய சரிபார்ப்பு இலக்கங்கள். கடைசி இரண்டை மட்டும் கறுப்பாக்கினால் ஒன்றும் மறையாது, முழு எண்ணையும் மறைக்க வேணும். பெட்டியையும் பெயரின் நீளத்துக்கு அளவெடுத்துப் போடாதீர்கள். வரி முழுவதையும் மூடினால்தான், நீளம் பார்த்து ஊகிக்க முடியாது.

ஆக, தங்கச்சிக்கு அனுப்புவதற்கு உண்மையில் வேண்டியது எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான். வெறும் படிவத்தில் மாதிரிப் பெயரோடு நிரப்பி அனுப்பினால் அதே உதவி கிடைக்கும், மறைக்கவும் எதுவும் இராது. உண்மையான படிவம்தான் வேணும் என்றால், மேலே சொன்னபடி படமாக்கி, பூசி, சோதித்து அனுப்புங்கோ.