கூலி தருவதற்கு முன் பணம் கேட்கும் வேலை

"வீட்டிலிருந்தபடியே நாளொன்றுக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் ரூபாய், முன்அனுபவம் தேவையில்லை." இத்தகைய வாட்ஸ்அப் செய்தி வராத கைப்பேசி இன்று நம் வீடுகளில் அரிது. இதை நம்பிப் பணம் இழந்தவர்களைப் பற்றிப் பேசும்போது, "பேராசைக்காரர்கள்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அத்தீர்ப்பு தவறானது என்பது என் கருத்து. வெளியே சென்று வேலை பார்க்க இயலாத சகோதரிகளும், படிப்பை முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுமே இதில் அதிகம் சிக்குகின்றனர். அவர்கள் தேடியது உழைத்துப் பெறும் வருமானத்தைத்தான். அந்த ஆசையை அறிந்தே வலை பின்னப்பட்டிருக்கிறது.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பட்டதாரிச் சகோதரி ஒருவருக்கு நேர்ந்ததை, அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தைப் பார்த்தே இங்கு எழுதுகிறேன். முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு பெண், பெரிய நிறுவனமொன்றின் மனிதவளப் பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறி, "நேர்காணல்" நடத்தினாள். பெயர், வயது, மாவட்டம், கணவரின் தொழில், எந்த வங்கியில் கணக்கு என்பவையே கேள்விகள். தகுதியைப் பற்றி ஒரு வினாவும் இல்லை. பிறகு ஓர் எண்ணைக் கொடுத்து, டெலிகிராமில் உள்ள "வரவேற்பாளரிடம்" அதைச் சொல்லுமாறு அனுப்பிவைத்தாள்.

அங்கு தரப்பட்ட வேலை, கூகுள் மேப்ஸில் சில உணவகங்களுக்கு ஐந்து நட்சத்திரம் இடுவது. ஒன்றுக்கு 50 ரூபாய். முதல் நாள் 150 ரூபாயும் மறுநாள் 210 ரூபாயும் உண்மையாகவே கணக்கில் வந்து சேர்ந்தன. மூன்றாம் நாள் "முன்பண வேலை" என்று ஒன்று வந்தது. ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அரை மணி நேரத்தில் 1,300 ரூபாய். அதுவும் வந்தது. அடுத்து 3,000 செலுத்தினார், 3,900 கிடைத்தது. அந்த டெலிகிராம் குழுவில் இருந்த மற்றவர்கள், தாங்களும் ஐம்பதாயிரம், எண்பதாயிரம் பெற்றுவிட்டதாகப் பணம் வந்த படங்களை ஒன்றன்பின் ஒன்றாக இட்டனர். அவர்களில் ஒருவரும் உண்மையான ஊழியரல்லர். அனைவரும் மோசடிக் கும்பலின் ஆட்களே என்பது அவருக்குப் பின்னரே விளங்கியது.

அடுத்த வேலைக்கு 5,000 செலுத்திய பிறகுதான், "இது மூன்று பகுதிகள் கொண்ட வேலை, மூன்றையும் முடித்தால் மட்டுமே பணத்தை எடுக்க முடியும்" என்றனர். இரண்டாம் பகுதிக்கு 18,000. மூன்றாம் பகுதிக்கு 40,000. அதற்காக வளையல் அடகுக் கடைக்குச் சென்றது. அவர்களுடைய இணையதளத்தில் அவர் பெயருக்கு நேரே 81,900 ரூபாய் எனத் தெரிந்தது. எடுக்க முயன்றபோது, "வரிசை மாற்றி அழுத்திவிட்டீர்கள், உங்கள் நம்பகப் புள்ளி நூறிலிருந்து எண்பதாகக் குறைந்துவிட்டது, மீட்க 20,000 செலுத்துங்கள்" என்றனர். அதையும் செலுத்தினார். அதன்பின் வரி கேட்டனர். அப்போதுதான் கணவரிடம் சொன்னார். மொத்தம் செலுத்தியது 87,000. திரும்ப வந்தது 5,560. திரையில் தெரிந்த 81,900 பணமே அன்று. எவனோ தட்டச்சு செய்து வைத்த எண், அவ்வளவே.

இதில் நான் நின்று யோசிக்க வேண்டுமென விரும்புவது அந்த முதல் 150 ரூபாயைப் பற்றி. "வேலை செய்தேன், கூலி வந்தது, எனவே உண்மையான நிறுவனம்" என்ற நம்பிக்கையை அதுதான் விதைத்தது. ஆனால் போகாத உணவகத்தை நன்று என்று சாட்சி சொல்வது ஒரு வேலையா? பொய்ச் சாட்சியத்தைப் பெரும்பாவங்களுள் ஒன்றாக நம் மார்க்கம் வைத்திருக்கிறது. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினர் நாம். மோசடி ஒருபுறம் இருக்கட்டும். அந்த ஐந்து நட்சத்திரம் முதல் நாளிலேயே நம்மை நிறுத்தியிருக்க வேண்டும்.

இரண்டாவது நிறுத்தம், ஆயிரம் கொடுத்து 1,300 பெற்ற இடம். இஜாரா எனப்படும் கூலி ஒப்பந்தத்தில் வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். அது ஆகுமானதாக இருக்க வேண்டும். கூலி, வேலை தருபவரிடமிருந்து உழைப்பவரிடம் செல்ல வேண்டும். உழைப்பவர் பணம் கொடுக்கத் தொடங்கிய கணமே அது கூலி ஒப்பந்தமன்று. கொடுத்த பணத்துக்கு மேல் நிச்சயிக்கப்பட்ட முப்பது விழுக்காடு என்பதற்கு நம்மிடம் வேறு பெயர் உண்டு, வட்டி. வங்கி வட்டியைத் தொடாத குடும்பங்கள் இதை "போனஸ்" என்ற சொல்லுக்காக ஏற்றுக்கொள்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நேர்காணல் அழைப்புக் கடிதங்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம். சின்னமும் முத்திரையும் எவரும் வரைந்துவிடக் கூடியவை. "ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம்", "மடிக்கணினிக்கான வைப்புத்தொகை, பிறகு திருப்பித் தரப்படும்" என்ற வரி கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் செலுத்தச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதா, ஒரு தனிமனிதர் அல்லது எங்கோ உள்ள சிறு கடையின் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். அச்சகோதரி செலுத்திய ஒவ்வொரு தொகையும் வெவ்வேறு பெயரில் உள்ள கணக்குக்கே சென்றிருந்தது. யூபிஐ செயலி, பணம் அனுப்புவதற்கு முன் பெறுபவரின் பெயரைக் காட்டும். அதை ஒருமுறை வாசித்தாலே போதுமாக இருந்திருக்கும்.

அந்தக் கணக்குகள் யாருடையவை? இங்கேதான் நம் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிய கவலை வருகிறது. "உன் கணக்கில் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு மாற்றிவிடு, உனக்குக் கமிஷன்" என்பதும் இணைய வேலையாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்டுச் சில ஆயிரங்கள் வாங்கிக்கொள்ளும் மாணவர், வழக்கில் முதலில் பிடிபடுபவராகிறார். ஏனெனில் காவல்துறைக்குத் தெரிவது அவர் பெயர் மட்டுமே. நேர்காணல் என்று சொல்லி ஆதார், பான், பாஸ்புக் முதல் பக்கம், முகப் படம் ஆகிய நான்கையும் ஒருசேரக் கேட்பவரிடம் அவற்றை அனுப்பாதீர்கள். வேலை உறுதியாகும் முன் அவை எந்த நிறுவனத்துக்கும் தேவைப்படுவதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கம் முந்திக்கொள்கிறது. அதுதான் பெரிய இழப்பு. போன பணம் சில மணி நேரங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து, பணமாக எடுக்கப்பட்டுவிடும். 1930 என்ற எண்ணை உடனே அழைத்து, தொகை, நேரம், பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொன்னால், எடுக்கப்படாமல் எஞ்சியிருக்கும் பணத்தை வங்கிகள் நிறுத்தி வைக்க வழியுண்டு. cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். அச்சகோதரி கணவருக்கு அஞ்சி ஆறு நாள் தாமதித்தார். அதற்குள் எதுவும் எஞ்சவில்லை. வீட்டில் ஏச்சு விழாது என்ற உறுதி இருந்திருந்தால், முதல் 5,000 ரூபாயிலேயே பேச்சு வெளிவந்திருக்கும் என்று நினைக்கிறேன். "பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் செலுத்துங்கள்" என்று அதன்பின் அழைத்தவர்களும் அதே வலையின் மறுமுனையே.

ஒரு மாதம் கழித்து அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அவருக்கு வந்த 3,900 ரூபாய், வேறொரு மாநிலத்தில் ஏமாற்றப்பட்ட இன்னொருவரின் பணம். அவர் கொடுத்த புகார் இவர் கணக்கில் வந்து நின்றது. இப்படி நேர்ந்தால் வங்கிக் கிளையில் சண்டையிட்டுப் பயனில்லை. முடக்கச் சொன்ன காவல் நிலையத்தின் பெயரையும் புகார் எண்ணையும் கிளையிலிருந்து எழுத்தில் பெற்று, தாம் கொடுத்த புகாரின் நகல், டெலிகிராம் உரையாடல், கணக்கு விவரம் ஆகியவற்றுடன் அந்த நிலையத்துக்கு மனு அனுப்ப வேண்டும். அவர் அனுப்பியிருக்கிறார். அந்த 3,900 ரூபாயை உரியவரிடம் சேர்க்கத் தயார் என்றும் அதில் எழுதியிருக்கிறார்.