“மகள், எத்தினை மார்க்ஸ்?” – இந்தக் கேள்வியை இனி யார் சுமப்பது?

இந்தப் பதிவு பிள்ளைகளுக்கு மட்டுமல்ல. சாச்சா, மாமி, பெரியம்மா என்று வீடுகளுக்குப் போகும் நாங்கள் எல்லோருக்கும்தான். கோபம் வந்தாலும் முழுதாக வாசியுங்கள்.

உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை சனிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு 3.45க்கு இரசாயனவியல் கடந்தகால வினாத்தாளோடு உட்காருகிறது. முதல் பகுதியில் 50 பல்தேர்வு வினாக்கள், நேரம் 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம்கூட இல்லை. 4.35க்கு 21ஆவது வினாவில் நிற்கும்போது வாசலில் நாங்கள். “மகள், மாமி வந்திருக்கா, வெளிய வாங்க.”

பிறகு நடப்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். “தவணைப் பரீட்சையில எத்தினை?” “52 மாமி.” “அவ்வளவுதானா? அடுத்த தெருப் புள்ள 78ஆம். அப்ப டொக்டர் சரிவராதா?” மாமிக்கு இது இரண்டு நிமிடப் பேச்சு. பிள்ளை மஃரிப் வரைக்கும் அந்த 78ஐ நினைத்துக்கொண்டிருக்கும். வினாத்தாள் 21இலேயே கிடக்கும். இப்படி இரண்டு தரம் நடந்தால் மூன்றாம் தரம் பிள்ளை “70” என்று பொய் சொல்லும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த கலியாண வீட்டுக்கு வராமல் ஒளியும். அப்படி ஒளிந்த பிள்ளைகளை எங்கள் வகுப்பறைகளில் கண்டிருக்கிறோம்.

“அக்கறையிலதானே கேக்கிறோம்” என்பார்கள். சரி, அக்கறை என்றால் அந்த 52 எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்வோம். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியில் நடக்கிறது. அந்த வருடம் அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியோடும், புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதோடும் ஒப்பிட்டுத்தான் அது கணக்கிடப்படுகிறது. பாடசாலைத் தவணைப் புள்ளியை வைத்து அதைச் சொல்ல எங்களாலேயே முடியாது. பெறுபேறு வந்த அன்றும் அனுமதி கிடைக்குமா என்று சொல்ல முடியாது. வெட்டுப்புள்ளி பிறகுதான் வரும், அதுவும் மருத்துவம் போன்ற துறைகளுக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஆசிரியருக்கே தெரியாத விடையை 18 வயதுப் பிள்ளையிடம் தேநீர் குடித்துக்கொண்டு கேட்பது என்ன நியாயம்?

ஆனால் பிள்ளையை அறைக்குள் பூட்டி வைக்கவும் நாங்கள் சொல்லவில்லை. வந்தவரின் ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை. கதவை மூடினாலும் உள்ளே காது வெளியில்தான் இருக்கும். அதனால் எங்கள் மாணவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுப்பது இது.

எழும்ப முன் வினாத்தாளின் ஓரத்தில் “21 – 4.35” என்று எழுதிவிடுங்கள். வெளியே போய் ஸலாம் சொல்லிப் பத்து நிமிடம் இருங்கள். புள்ளி கேட்டால் உண்மையைச் சொல்லி, போன தவணையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “52 மாமி, போன முறை 44. இப்ப பேப்பர் ஒண்டு செய்றன், துஆ செய்ங்க.” எதிர்காலம் கேட்டால்: “இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் வந்தாத்தான் தெரியும் மாமி. வந்தோண வாப்பா சொல்லுவார்.” அடுத்த தெருப் பிள்ளையின் 78க்குப் பதில் வேண்டாம், “மாஷா அல்லாஹ்” போதும். ஒவ்வொரு முறையும் அதே வசனம். புதிதாக விளக்கம் சொல்லத் தொடங்கினால் அடுத்த கேள்வி பிறக்கும். 4.45க்குத் திரும்பி உட்கார்ந்தால் மீதி 70 நிமிடம், 5.55க்கு வினாத்தாள் முடிந்துவிடும். மஃரிபுக்கு முன்.

இந்த வசனம் பிள்ளையின் வாயில் மட்டும் இருந்தால் “வாய் கூடிப்போச்சு” என்ற பெயர்தான் வரும். பத்து நிமிடத்தில் “மகள் போய்ப் படிங்க, மாமியோட நான் கதைக்கிறன்” என்று உம்மா சொல்ல வேண்டும். குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் வரும் கேள்விக்கு வாப்பா பதில் போட வேண்டும். பெற்றோர் வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளை தனியாக நிற்கிறது.

கேட்காமல் இருக்கவே முடியாதவர்களுக்கு ஒரு கேள்வி தருகிறோம்: “மகள், டியூஷன் விட்டு இரவில வரக்குள்ள கூட்டிவர ஆள் இருக்கா?” இதற்கு விடை பிள்ளையிடம் இருக்கிறது. உதவி உங்களிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியோடு வாருங்கள், தேநீர் நாங்களே ஊற்றித் தருகிறோம்.